விமான நிலையத்தில் பணம் கரையும் இடங்கள்

2023 நவம்பரில் தாய்லாந்து இந்தியர்களை விசா இல்லாமல் உள்ளே விடத் தொடங்கியது. அதற்குப் பிறகு, முதல் வெளிநாட்டுப் பயணமே பாங்காக்தான் என்று சொல்லும் குடும்பங்கள் நம் ஊரில் பெருகிவிட்டன. டிக்கெட்டையும் ஓட்டலையும் பல நாள் ஒப்பிட்டுப் பார்த்து, ஆயிரம் இரண்டாயிரம் மிச்சம் பிடித்து வாங்கியிருப்பார்கள். அப்படி மிச்சம் பிடித்த பணம், இரண்டு விமான நிலையங்களிலும் நிற்கிற சொற்ப நேரத்தில் போய்விடுகிறது. போனதே பலருக்குத் தெரிவதில்லை என்பதுதான் எனக்கு வருத்தம்.

விமான நிலையத்தில் பணம் போகிற வழிகள் இரண்டு வகை. போலி போர்ட்டர், அனுமதியில்லாத டாக்ஸி இவையெல்லாம் ஒரு வகை. எந்த உரிமமும் இல்லாத ஆள் நம் அவசரத்தைப் பயன்படுத்திக்கொள்வது அது. இன்னொரு வகையில் கவுண்டருக்கு உரிமம் உண்டு, உட்கார்ந்திருப்பவர் சீருடையில் இருக்கிறார், கொடுக்கிற பில்லும் சரியானது. விலை மட்டும் நியாயமில்லை. முதல் வகையைப் பற்றி உறவினர்கள் எல்லோரும் எச்சரித்து அனுப்புகிறார்கள். இரண்டாவதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. ஆனால் ஒரு சாதாரணக் குடும்பம் இரண்டாவதில்தான் அதிகம் இழக்கிறது என்பது என் கணிப்பு. ஆகவே அதிலிருந்தே தொடங்குகிறேன்.

சென்னையிலிருந்து கிளம்பும் ஒரு குடும்பத்துக்கு 500 டாலர் ரொக்கம் தேவை என்று வைத்துக்கொள்வோம். ஊரில் வாங்க நேரமில்லை. விமான நிலையத்துக்குள் நுழைந்ததும் அந்நியச் செலாவணிக் கவுண்டர் கண்ணில் படுகிறது. மேலே மின்பலகையில் கொடிகளும் எண்களும் ஓடுகின்றன. டாலருக்கு நேரே இரண்டு எண்கள்: ‘We Buy’ என்பதன் கீழ் 83, ‘We Sell’ என்பதன் கீழ் 97. அன்றைய சந்தை விலை 90 ரூபாய் என்று கணக்குக்காக எடுத்துக்கொள்வோம். நாம் டாலர் வாங்கப் போகிறோம், அதாவது அவர்கள் விற்கிறார்கள். ஆகவே நமக்குரிய விலை 97. 500 டாலருக்கு 48,500 ரூபாய். பக்கத்திலேயே பெரிய எழுத்தில் ‘கமிஷன் கிடையாது’ என்று எழுதியிருக்கும். அது பொய் இல்லை. தனியாகக் கமிஷன் வாங்க வேண்டிய தேவையே அவர்களுக்கு இல்லை, ஒவ்வொரு டாலரிலும் 7 ரூபாய் ஏற்கெனவே விலைக்குள் போய்விட்டது.

இதே 500 டாலரை அண்ணா சாலையிலோ தி.நகரிலோ, ரிசர்வ் வங்கியின் உரிமம் பெற்ற ஒரு மாற்றுக் கடையில் முதல் நாள் வாங்கியிருந்தால் 91 ரூபாய் அளவில் கிடைத்திருக்கும். 45,500 ரூபாயில் வேலை முடிந்திருக்கும். வித்தியாசம் 3,000 ரூபாய். நான் எடுத்துக்கொண்ட எண்கள் உதாரணத்துக்குத்தான், அன்றன்று விலை மாறும். ஆனால் இந்த அளவு இடைவெளி விமான நிலையங்களில் அபூர்வம் அல்ல.

இதைக் கண்டுபிடிக்க இன்டர்நெட்டோ கணக்குப் புலமையோ வேண்டாம். பலகையில் இருக்கும் இரண்டு எண்களுக்கும் நடுவே எவ்வளவு தூரம் என்று பார்த்தால் போதும். சந்தை விலை ஏறக்குறைய அந்த இரண்டுக்கும் நடுவில்தான் இருக்கும். 89க்கு வாங்கி 91க்கு விற்கிற கடை, 100 டாலரில் 200 ரூபாய் தன் பங்காக வைக்கிறது. 83க்கு வாங்கி 97க்கு விற்கிற கவுண்டர் அதே 100 டாலரில் 1,400 ரூபாய் வைக்கிறது. போகும்போது 100 டாலர் வாங்கி, அதைத் தொடாமல் திரும்பக் கொண்டுவந்து அதே கவுண்டரில் கொடுத்தால் 9,700 ரூபாய் 8,300 ஆகியிருக்கும். டாலரைப் பொறுத்தவரை அந்த இடைவெளி இரண்டு மூன்று ரூபாய்க்குள் இருந்தால் நியாயம் என்று கொள்ளலாம். பத்து ரூபாயைத் தாண்டினால் வேறு வழியே இல்லை என்றால்தான் அங்கே மாற்ற வேண்டும். வாங்கும் விலையைக் காட்டாமல் விற்கும் விலையை மட்டும் எழுதிவைத்திருக்கும் இடத்தில் இன்னும் கவனம் தேவை. உரிமம் பெற்ற மாற்றுக் கடைகள் இரண்டு விலைகளையும் வாடிக்கையாளர் கண்ணில் படும்படி வைக்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி.

ஏன் இப்படி விலை வைக்கிறார்கள் என்றால், அந்தச் சின்னக் கவுண்டருக்கான இடம் டெண்டரில் எடுக்கப்பட்டது. விமான நிலைய நிர்வாகத்துக்குக் குறைந்தபட்ச உறுதித் தொகை, வருமானத்தில் பங்கு என்று கட்ட வேண்டியிருக்கிறது. அந்தச் செலவு நம் டாலரில்தான் ஏறுகிறது. அதோடு, உள்ளே வந்துவிட்ட பயணி வேறு கடைக்குப் போக முடியாது என்பதும் அவர்களுக்குத் தெரியும். கவுண்டரில் இருக்கும் இளைஞர் மீது கோபப்படுவதில் அர்த்தமில்லை. ஆனால் அவரிடம் விலை கேட்கலாம். பலகையில் இருப்பதுதான் கடைசி விலை என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். “தம்பி, வெளியில 91க்குக் குடுக்கறாங்க, நீங்க எவ்வளவுக்குத் தருவீங்க?” என்று கேட்டால் இரண்டு மூன்று ரூபாய் இறங்குகிற கவுண்டர்கள் உண்டு. கேட்காமல் நீட்டுகிறவருக்குப் பலகை விலைதான்.

வரியைக் காட்டிக் குழப்புவதும் நடக்கிறது. பில்லில் “ஜி.எஸ்.டி. 18%” என்று பார்த்ததும் மொத்தத் தொகைக்கும் 18 சதவீதமோ என்று பயந்துவிடுவோம். ஒரு லட்சம் ரூபாய் வரை மாற்றும்போது, மாற்றும் தொகையில் ஒரு சதவீதத்தை மட்டும் சேவையின் மதிப்பாக எடுத்துக்கொண்டு, அதற்குத்தான் 18 சதவீதம் வரி. 48,500 ரூபாய்க்கு வரி 87 ரூபாய் 30 காசு. 25,000 ரூபாய் வரை எவ்வளவு மாற்றினாலும் வரி 45 ரூபாய். இதற்கு மேல் ‘வரி’ என்ற பெயரில் நூறு நூறாக ஏறியிருந்தால், அந்த வரியில் விரலை வைத்து “இது என்ன?” என்று கேளுங்கள்.

ஊரிலேயே வாங்குவதற்குப் பெரிய ஏற்பாடு ஒன்றும் தேவையில்லை. பாஸ்போர்ட், பான் அட்டை, போக வர டிக்கெட் கையில் இருந்தால் போதும். 50,000 ரூபாயைத் தொட்டுவிட்டால் ரொக்கமாக வாங்க மாட்டார்கள், வங்கி வழியாகத்தான் கட்ட வேண்டும். இன்னொரு விஷயம்: பாங்காக் போகிறோம் என்பதற்காக இங்கேயே பாட் வாங்க வேண்டியதில்லை. நம் ஊரில் டாலரைப் போல பாட் அதிகம் கைமாறுவதில்லை, ஆகவே அதன் இரண்டு விலைகளுக்கும் இடையில் தூரம் கூடுதலாக இருக்கும். டாலராக, அதுவும் மடிப்பும் கிறுக்கலும் இல்லாத 100 டாலர் நோட்டுகளாகக் கேட்டு வாங்குங்கள். பாங்காக் மாற்றுக் கடைகளில் 100 டாலர் நோட்டுக்கு ஒரு விலை, 20, 10 டாலர் நோட்டுகளுக்கு அதைவிடக் குறைந்த விலை. நோட்டு கிழிந்திருந்தால் வாங்கவே மாட்டார்கள்.

கவுண்டரை விட்டு நகர்வதற்குள் நோட்டுகளை மேடை மீதே வைத்து எண்ணுங்கள். பின்னால் வரிசை நிற்கிறது என்று கூச்சப்பட்டுப் பைக்குள் வைத்து, கேட்டுக்கு அருகில் போய் எண்ணிப் பார்த்துக் குறைந்திருந்தால், அதை நிரூபிக்க எந்த வழியும் இல்லை. மேடைக்கு மேலே காமிரா இருக்கிறது. அந்த இடத்தில் எண்ணப்பட்ட பணத்துக்குத்தான் அது சாட்சி.

சரி, பாங்காக் சுவர்ணபூமி விமான நிலையத்தில் இறங்கிவிட்டோம். குடியேற்றச் சோதனை முடிந்து, பெட்டியை எடுத்துக்கொண்டு வெளியே வரும் இடம் இரண்டாம் தளம். கதவு திறந்ததும் எதிரே வங்கிகளின் மாற்றுக் கவுண்டர்கள் வரிசையாக நிற்கும். எல்லாம் பெயர் பெற்ற வங்கிகள். எல்லாப் பலகைகளிலும் ஏறக்குறைய ஒரே விலை. ஒரே விலை என்பதாலேயே இதுதான் சந்தை விலை போலிருக்கிறது என்று தோன்றிவிடும். அங்கேதான் முதல் முறை வருகிறவர்கள் மாற்றுகிறார்கள்.

அங்கிருந்து மின்படியில் கீழே இறங்கி, டாக்ஸிகள் நிற்கும் முதல் தளத்தையும் தாண்டி, நகரத்துக்குப் போகும் ரயில் நிலையம் இருக்கும் அடித்தளத்துக்குப் போனால், ரயில் வாசலை ஒட்டித் தனியார் மாற்றுக் கடைகள் சில இருக்கின்றன. பாங்காக் நகரத்தில் கிடைக்கும் விலைக்கு நெருக்கமான விலை அங்கே கிடைக்கிறது. சந்தையில் ஒரு டாலருக்கு 32 பாட் என்று கொண்டால், மேலே 30 பாட் சொச்சம், கீழே 31 முக்கால் என்கிற மாதிரி இருக்கும். 500 டாலருக்கு ஏறக்குறைய 800 பாட் வித்தியாசம். அது நாலு பேர் நன்றாக உட்கார்ந்து சாப்பிடும் பணம். ஒரே கட்டடத்துக்குள், இரண்டு மாடி இறங்கியதற்கு. அங்கே பாஸ்போர்ட் கேட்பார்கள், பெட்டிக்குள் பூட்டி வைக்காதீர்கள். அகால நேரத்தில் இறங்கினால் அந்தக் கடைகள் திறந்திருக்கும் என்று நம்பிப் போக வேண்டாம். அப்போது மேலேயே 50 டாலர் மட்டும் மாற்றிக்கொண்டு, டாக்ஸிக்கும் காலைச் சாப்பாட்டுக்கும் வைத்துக்கொண்டு, மிச்சத்தைப் பகலில் நகரத்தில் மாற்றுங்கள்.

ரொக்கம் வேண்டாம், கார்டு போதும் என்கிறவர்களுக்கு வேறொரு இடத்தில் பணம் போகிறது. ஏ.டி.எம்.மிலும் கடை, ஓட்டல் மெஷின்களிலும் இந்தியக் கார்டைச் செருகியதும் திரையில் ஒரு கேள்வி வரும்: பாட்டில் கட்டுகிறீர்களா, ரூபாயில் கட்டுகிறீர்களா? ‘THB’, ‘INR’ என்று இரண்டு பொத்தான்கள். ரூபாய் என்றால் நமக்குப் புரிந்த கணக்கு, எவ்வளவு போகிறது என்று இங்கேயே தெரிந்துவிடும் என்று நினைத்து, கை தானாக ‘INR’ பக்கம் போகிறது. அதை அழுத்தினால், பாட்டை ரூபாயாக மாற்றுகிற வேலையை நம் கார்டு நிறுவனத்துக்குப் பதிலாக அந்த மெஷினுக்குப் பின்னால் இருப்பவர்கள் எடுத்துக்கொள்கிறார்கள், தங்கள் விலைக்கு. ஓட்டல் பில் 6,000 பாட், கார்டு நிறுவனத்தின் விலை ஒரு பாட்டுக்கு 2 ரூபாய் 80 காசு என்றால் 16,800 ரூபாய் ஆகும். மெஷின் காட்டும் தொகையோ 17,700 என்று நிற்கும். இதோடு போகாது. வெளிநாட்டு வணிகரிடம் ரூபாயில் கட்டினாலும் தனிக் கட்டணம் போடுகிற இந்திய வங்கிகள் பல இருக்கின்றன. எந்த நாட்டிலும் அந்த நாட்டுப் பணத்தையே தேர்ந்தெடுங்கள். ஏ.டி.எம்.மில் ‘Continue without conversion’ என்றோ ‘Decline conversion’ என்றோ வரும் பொத்தான்தான் அதற்குரியது. அதை அழுத்தினால் பணமே வராதோ என்று பயப்பட வேண்டாம், வரும். கடையில் மெஷினை அவர்கள் கையிலேயே வைத்துக்கொண்டு அழுத்திவிட்டால், தாளில் ‘INR’ என்று இருக்கிறதா என்று கையெழுத்துக்கு முன் பாருங்கள். இருந்தால் ரத்து செய்து மறுபடி போடச் சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு.

தாய்லாந்து ஏ.டி.எம்.கள் வெளிநாட்டுக் கார்டுக்கு ஒவ்வொரு முறையும் 200 பாட்டுக்கும் மேல் கட்டணம் எடுத்துக்கொள்கின்றன. ஆகவே 1,000, 1,000 என்று நாலு தடவை எடுப்பது மிகவும் நஷ்டம்.

டாக்ஸிக்கு வருவோம். இரண்டாம் தளத்தில் நிற்கும்போதே ஆட்கள் வந்து பேச்சுக் கொடுப்பார்கள், சிலர் கழுத்தில் அட்டையும் தொங்கும். 800 பாட், 1,000 பாட் என்று மொத்த விலை சொல்வார்கள். அனுமதி பெற்ற மீட்டர் டாக்ஸி அந்தத் தளத்துக்கு ஆள் பிடிக்க வராது. அது முதல் தளத்தில், வெளியே வரிசையில் நிற்கும். அங்கே உள்ள இயந்திரத்தில் தொட்டால் ஒரு சீட்டு வரும், அதில் எந்த எண் பாதையில் வண்டி நிற்கிறது என்று இருக்கும். அந்தப் பாதைக்குப் போய் நின்றால் அந்த வண்டிதான் உங்களுக்கு. மீட்டர் 35 பாட்டில் தொடங்கும், பெரிய வண்டி என்றால் 40. மீட்டர் தொகைக்கு மேல் விமான நிலையக் கட்டணம் 50 பாட் உண்டு, அது சட்டப்படியானது. விரைவுச் சாலையில் போனால் சுங்கம் பயணியுடையது, நகரத்துக்குள் போக இரண்டு இடத்தில் சேர்த்துச் சுமார் 75 பாட். சுகும்வித் பக்கம் போக மீட்டரில் 300 பாட் ஆகிறது என்றால், எல்லாம் சேர்த்து 425. இந்தக் கணக்கு மனதில் இருந்தால், டிரைவர் 50 பாட் கூடக் கேட்கும்போது ஏமாற்றுகிறாரோ என்று சண்டைக்குப் போக மாட்டீர்கள். அவர் “மீட்டர் ரிப்பேர், 700 கொடுங்கள்” என்று சொன்னால் அது ஏமாற்று என்பதும் உடனே தெரிந்துவிடும்.

அந்தச் சீட்டைச் சில டிரைவர்கள் கேட்டு வாங்கி வைத்துக்கொள்வார்கள். கொடுக்காதீர்கள். வண்டியையும் டிரைவரையும் அடையாளம் காட்டுகிற தாள் அது ஒன்றுதான், புகார் செய்வதற்கென்றே பயணியிடம் தரப்படுகிறது. கேட்டால் செல்போனில் ஒரு படமாவது எடுத்துவிட்டு மடியில் வைத்துக்கொள்ளுங்கள். தரைப் போக்குவரத்துத் துறையின் புகார் எண் 1584, சுற்றுலாப் போலீஸ் 1155. வண்டி நகர்வதற்கு முன் “மீட்டர்” என்று ஒரு சொல் சொல்லி, எண் 35 ஆகத் தெரிகிறதா என்று பாருங்கள். தெரியாவிட்டால் இறங்குவதற்கு அதுதான் இடம், ஏனென்றால் பத்தடியில் விமான நிலைய ஊழியர் நிற்கிறார். விரைவுச் சாலையில் ஏறிய பிறகு பேரம் பேச உங்களிடம் எதுவும் இருக்காது.

இனி திரும்பி வரும் கதை. பாங்காக்கிலிருந்து சென்னைக்கு வரும் விமானங்களில் பல நள்ளிரவை ஒட்டியோ அதற்குப் பிறகோ இறங்குகின்றன. விமான நிலையத்தோடு ஒட்டிய மெட்ரோ நிலையம் அப்போது பூட்டியிருக்கும். ஜி.எஸ்.டி. சாலைக்கு எதிரே திரிசூலத்தில் மின்சார ரயிலும் ஓடாது. பகலில் இந்த இரண்டும் இருக்கும்போது டாக்ஸிக்காரரிடம் சிக்க வேண்டிய அவசியமே இல்லை. இரவில் வேறு வழியில்லை, அது ஆள் பிடிக்கிறவர்களுக்கும் தெரியும்.

“எந்த ஏரியா சார்?”

“தாம்பரம்.”

“ஆப்ல போட்டா கார் பார்க்கிங் வரைக்கும் போகணும் சார். குழந்தைய வெச்சிட்டு எங்க நடப்பீங்க? நம்ம வண்டி இங்கயே நிக்குது. ஆப் ரேட்டே குடுங்க.”

இதில் பாதி உண்மை. ஆப் வண்டிகள் டெர்மினல் வாசலுக்கு வருவதில்லை. 2022 டிசம்பரில் பல மாடி வாகன நிறுத்தம் திறந்ததிலிருந்து அங்கேதான் ஏற வேண்டும். பெட்டியும் குழந்தையுமாக அது சிரமம்தான், பயணிகள் இதைப் பற்றித் தொடர்ந்து குறை சொல்லி வருகிறார்கள். அந்தச் சிரமத்தை நம்பித்தான் இந்தப் பேச்சே தொடங்குகிறது. டெர்மினலுக்கும் வாகன நிறுத்தத்துக்கும் இடையே பேட்டரி வண்டிகள் ஓடுகின்றன, கேட்டு ஏறிக்கொள்ளலாம். இல்லையென்றால் ப்ரீபெய்டு டாக்ஸிக் கவுண்டரில் இடத்தைச் சொல்லிப் பணம் கட்டி, ரசீதோடு ஏறுங்கள். ஆப் விலையைவிடக் கூடுதலாக இருக்கலாம், ஆனால் நடுவழியில் ‘நைட் சார்ஜ்’, ‘லக்கேஜ் சார்ஜ்’ என்று ஏறாது.

வாசலில் வந்து கூப்பிடுகிற ஆளின் வண்டியைப் பார்த்தாலே பாதி விஷயம் தெரிந்துவிடும். வாடகை வண்டிக்கு மஞ்சள் பலகையில் கறுப்பு எழுத்து, மின்சார வாடகை வண்டி என்றால் பச்சைப் பலகையில் மஞ்சள் எழுத்து. இதைத்தான் டிரைவர்கள் ‘டி போர்டு’ என்கிறார்கள். வெள்ளைப் பலகை வண்டி ‘ஓன் போர்டு’, சொந்த உபயோகத்துக்கானது. வாசலில் ஆள் பிடிப்பவர் உங்களைக் கூட்டிக்கொண்டு போய் நிறுத்துகிற வண்டி வெள்ளைப் பலகையாக இருந்தால் ஏறாதீர்கள். கூடுதல் பணம் ஒரு பக்கம் இருக்கட்டும். சொந்த வண்டியை வாடகைக்கு ஓட்டும்போது விபத்து நடந்தால், காப்பீட்டு நிறுவனம் இழப்பீடு தர மறுக்க அதுவே காரணமாகிவிடும். ஐந்நூறு ரூபாய் விஷயம் அல்ல அது.

ஆப்பில் வண்டி போட்டவர்களிடம் இன்னொரு வேலை நடக்கும். போனைப் பார்த்தபடி நிற்கிறவரிடம் ஒருவர் வந்து “உங்க வண்டி நான்தான் சார், வாங்க” என்பார். ஏறியதும், “நெட் வரல, கேன்சல் பண்ணிட்டு எனக்கு நேரா குடுத்துடுங்க” என்பார். பலகை எண்ணும் ஆப்பில் உள்ள எண்ணும் ஒன்றா என்று பார்த்துவிட்டு, ஓ.டி.பி.யை நீங்களாகச் சொல்லாமல் இருங்கள். உண்மையான டிரைவர் அதைக் கேட்டு, தன் போனில் போட்டால்தான் அவரால் பயணத்தைத் தொடங்க முடியும். ஓ.டி.பி. கேட்காமல் வண்டியை எடுக்கிறவரின் வண்டி நீங்கள் போட்டது அல்ல.

போர்ட்டர் விஷயம் சிறியது போலத் தோன்றும், ஆனால் அதிகம் அவமானப்படுத்துவது அதுதான். டிராலி இலவசம். பெட்டி வரும் இடத்திலேயே எடுத்து, வண்டி வரைக்கும் தள்ளிக்கொண்டு போகலாம். வாசலைத் தாண்டியதும் ஒருவர் வந்து, கேட்காமலேயே டிராலியின் கைப்பிடியைப் பிடிப்பார். பெரியவர்களிடம்தான் முதலில் வருவார்கள். “விடுங்கம்மா, நான் தள்றேன்.” முப்பதடி தள்ளி, டிக்கியில் இரண்டு பெட்டியைத் தூக்கி வைத்ததும் 500 கேட்பார். வெளிநாட்டிலிருந்து வருகிறவர் என்று தெரிந்தால், “அஞ்சு டாலர் இருந்தா போதும்மா” என்று கூசாமல் கேட்பார். கார் பின்னால் ஹாரன் அடிக்கும், டிரைவர் அவசரப்படுத்துவார், எல்லோரும் பார்ப்பார்கள். அந்தக் கூச்சத்துக்குத்தான் நாம் பணம் கொடுக்கிறோம். கைப்பிடியை விடாமல், நடையை நிறுத்தாமல், “வேணாம்ணே, நானே தள்ளிக்கிறேன்” என்று சொல்லிவிட்டால் அதோடு போய்விடுவார்கள். டிராலி கை மாறிய பிறகு அந்தச் சொல்லுக்கு வேலையில்லை.

டெர்மினலுக்கு உள்ளே வேலை செய்பவர் ஒவ்வொருவரும், சிவில் விமானப் பாதுகாப்புப் பிரிவு வழங்கும் புகைப்பட அனுமதி அட்டையை வெளியே தெரியும்படி அணிய வேண்டும். பெயரும் எண்ணும் அதில் இருக்கும். உள்ளே யாராவது உதவிக்கு வந்தால் அந்த அட்டையைப் பாருங்கள். சாலையோரத்தில் நிற்பவருக்கு அப்படி ஒன்றும் கிடையாது. வெறும் சீருடை நிறச் சட்டை யார் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம்.

சக்கர நாற்காலியைப் பற்றியும் சொல்ல வேண்டும். நடக்க முடியாத பெரியவர்களுக்கு அதை விமான நிறுவனம் கட்டணமில்லாமல் தர வேண்டும், டிக்கெட் போடும்போதே கேட்டுவிடலாம். தள்ளிக்கொண்டு வருகிறவருக்கு அதற்குத்தான் சம்பளம். குடியேற்றக் கவுண்டருக்கும் வாசலுக்கும் இடையில் நிறுத்தி, “எவ்வளவு தருவீங்க?” என்று கேட்பது நடக்கிறது. தனியாகப் பயணம் செய்யும் அம்மாவோ அப்பாவோ பயந்து, கையில் இருக்கும் வெளிநாட்டு நோட்டை எடுத்துக் கொடுத்துவிடுகிறார்கள். பிள்ளைகள் வழியனுப்பும்போதே “இது இலவசம், விருப்பப்பட்டால் வாசலுக்கு வந்த பிறகு நாங்கள் கொடுத்துக்கொள்கிறோம்” என்று சொல்லி அனுப்புங்கள். மிரட்டிக் கேட்டால், அட்டையில் உள்ள பெயரோடு விமான நிறுவனத்துக்கும் மத்திய அரசின் ஏர்சேவா தளத்திலும் புகார் செய்யலாம்.

பாங்காக் வழியில் ஒரு எச்சரிக்கை மட்டும் கூடுதலாக. அங்கே புறப்பாட்டு வரிசையிலோ, இங்கே பெட்டி வரும் இடத்திலோ யாராவது “எனக்கு லக்கேஜ் அதிகமாயிடுச்சு, இந்தப் பையை மட்டும் வெளியே கொண்டுவந்து தாங்க” என்று சொன்னால், தமிழர், நம்ம ஊர்க்காரர் என்ற இரக்கமே வேண்டாம். உயர் ரகக் கஞ்சாவும் அரிய விலங்குகளும் அந்த வழியில் பிடிபட்ட செய்திகள் அடிக்கடி வருகின்றன. சுங்க அதிகாரி பார்ப்பது பை யார் கையில் இருக்கிறது என்பதைத்தான்.

கடைசியாக, பர்ஸில் மிஞ்சியிருக்கும் பாட். வெளியேறும் வழியில் மாற்றுக் கவுண்டர் திறந்திருக்கும், இனி இது எதற்கு என்று கொடுத்துவிடத் தோன்றும். அங்கே பாட்டுக்கான இரண்டு எண்களின் இடைவெளியை ஒரு தடவை பார்த்துவிட்டு, நேரே வீட்டுக்குப் போங்கள். வெளிநாட்டிலிருந்து திரும்பியவர் 2,000 டாலர் மதிப்பு வரையிலான அந்நிய நோட்டுகளைக் கையிலேயே வைத்துக்கொள்ள ரிசர்வ் வங்கி அனுமதிக்கிறது. அதற்கு மேல் இருந்தாலும் ஒப்படைக்க 180 நாள் அவகாசம் இருக்கிறது. நாணயங்களை மட்டும் பாங்காக்கிலேயே செலவழித்துவிடுங்கள், இங்கே மாற்றுக் கடைகளில் அவற்றை வாங்க மாட்டார்கள். நோட்டுகளை உறைக்குள் போட்டு வைத்து, நகரத்தில் இரண்டு மூன்று கடைகளுக்குப் போன் போட்டு “பாட் என்ன விலைக்கு எடுப்பீங்க?” என்று கேட்டுவிட்டு, அதிகம் சொல்கிற இடத்துக்குப் பாஸ்போர்ட்டோடு போங்கள்.